விளக்கினால் விலகும் சிரிப்பு

2019-ஆம் ஆண்டு மே 30-ஆம் தேதி மாலை, நாட்டின் பிரதமராக நரேந்திர மோடி இரண்டாவது முறையாகப் பதவியேற்றார். ஊடகங்களின் கண்கள் எல்லாம் தில்லியை நோக்கியிருந்த அந்த நாளில், ட்விட்டர் என்று அப்போது அழைக்கப்பட்ட சமூக வலைதளத்தில் உலக அளவில் முன்னணிக்கு வந்தது வேறொருவரின் பெயர். அவர் அரசியல்வாதி அல்லர். விளையாட்டு வீரர் அல்லர். உண்மையில் அப்படி ஒரு மனிதரே இல்லை. 2001-ஆம் ஆண்டு பொங்கலுக்கு வெளியான 'ஃப்ரெண்ட்ஸ்' திரைப்படத்தில் வடிவேலு ஏற்று நடித்த கான்ட்ராக்டர் நேசமணி என்ற பாத்திரம்தான் அது. தலையில் சுத்தியல் விழுந்து காயமடைந்த அவர் நலம்பெற வேண்டும் என்று #Pray_for_Nesamani என்ற அடையாளத்துடன் ஆயிரக்கணக்கானோர் பிரார்த்தனை செய்தனர்.

இதன் தொடக்கம் மிகச் சாதாரணமானது. பாகிஸ்தானைச் சேர்ந்தவர்கள் நடத்திய, கட்டுமானப் பொறியியல் சார்ந்த ஒரு முகநூல் பக்கத்தில் சுத்தியலின் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதை என்னவென்று சொல்வீர்கள் என்று கேட்டிருந்தனர். தமிழர் ஒருவர், இதன் பெயர் சுத்தியல் என்றும், எதன்மீதாவது அடித்தால் ஓசை எழுப்பும் என்றும், ஜமீன் மாளிகையில் பெயின்டர் நேசமணியின் தலை இதனால்தான் உடைந்தது என்றும் ஆங்கிலத்தில் பதில் எழுதினார். அவர் ஏன் அப்படி எழுதினார் என்பது தமிழர் அனைவருக்கும் உடனே புரிந்தது. இன்னொருவர், இப்போது அவர் எப்படி இருக்கிறார் என்று முகத்தில் சிரிப்பே இல்லாமல் விசாரித்தார். அதன்பிறகு நடந்ததைத் தடுக்க எவராலும் முடியவில்லை. போலியான மருத்துவ அறிக்கைகள் வெளியாயின. மருத்துவமனை வாசலில் கூட்டம் கூடியிருப்பதுபோல் படங்கள் வந்தன. சுத்தியலைத் தவறவிட்ட கிருஷ்ணமூர்த்தியைக் கைது செய்ய வேண்டும் என்று கோரிக்கைகள் எழுந்தன.

அப்போது இன்னொன்றும் நடந்தது. யார் இந்த நேசமணி என்று வட இந்தியர்களும் வெளிநாட்டவர்களும் கேட்கத் தொடங்க, ஆங்கில ஊடகங்கள் விளக்கக் கட்டுரைகளை வெளியிட்டன. படத்தின் பெயர், வெளியான ஆண்டு, நடிகரின் பெயர், காட்சியின் சுருக்கம், முகநூல் பதிவின் வரலாறு எல்லாம் அவற்றில் சரியாகவே இருந்தன. ஒரு தகவலும் பிழையில்லை. ஆனால், அவற்றைப் படித்துச் சிரித்தவர் இருக்க முடியாது. இத்தனை லட்சம் பேரைச் சிரிக்க வைத்த ஒன்று, ஒரு பிழையும் இல்லாமல் எடுத்துரைக்கப்பட்ட உடனே எப்படிச் சிரிப்பை இழந்தது? அந்தச் சிரிப்பு எங்கே இருந்தது, எங்கே போயிற்று? மீம்களின் காலத்தில் இது வெறும் பொழுதுபோக்குக் கேள்வி அல்ல.

ஒரு நகைச்சுவையில் சொல்லப்படுவதைவிடச் சொல்லாமல் விடப்படுவதே முக்கியம். சொல்பவர் இரண்டு கரைகளைக் காட்டுகிறார். நடுவில் பாலம் போடாமல் நிறுத்திவிடுகிறார். கேட்பவரின் மனம் ஒரு கணத்தில் அந்தப் பாலத்தைத் தானே கட்டிக் கடக்கிறது. கடந்துவிட்ட அந்தக் கணம்தான் சிரிப்பாக வெடிக்கிறது. முகநூல் கேள்வி ஒரு கரை: இது என்ன கருவி? தலை உடைந்த மனிதரைப் பற்றிய பதில் மறுகரை. இரண்டுக்கும் நடுவே இருப்பது 'ஃப்ரெண்ட்ஸ்' படக் காட்சி. அதைப் பதிலில் யாரும் குறிப்பிடவில்லை. குறிப்பிடாததால்தான் படித்த தமிழர் ஒவ்வொருவரும் அந்தக் காட்சியைத் தம் நினைவிலிருந்து தாமே எடுத்துவந்து நடுவில் வைத்தார். நகைச்சுவையில் பாதி வேலையைக் கேட்பவர் செய்கிறார். விளக்கம் என்ன செய்கிறது என்றால், கேட்பவர் செய்ய வேண்டிய அந்தப் பாதி வேலையையும் தானே செய்து முடித்துவிடுகிறது. அதன்பின் அவருக்கு மிஞ்சுவது ஒரு செய்தி மட்டுமே. பாலத்தைக் கட்டியவர் அடையும் மகிழ்ச்சி, கட்டிய பாலத்தின்மீது கைப்பிடித்து அழைத்துச் செல்லப்படுபவருக்குக் கிடைப்பதில்லை.

சிக்மண்ட் ஃபிராய்ட் 1905-ஆம் ஆண்டில் நகைச்சுவை குறித்து எழுதிய நூலில் இதையே ஒரு சோதனை முறையாகப் பயன்படுத்தினார். ஜெர்மானியக் கவிஞர் ஹைனேவின் படைப்பில் வரும் ஓர் எளிய மனிதர், பெரும் செல்வரான ராத்சைல்டு தம்மைச் சமமாக நடத்தினார் என்று பெருமை பேசுகிறார். அப்போது 'குடும்பத்தினரைப் போல' என்பதற்கான சொல்லும் 'கோடீஸ்வரன்' என்ற சொல்லும் ஒன்றாகக் கலந்து புதுச்சொல்லாக அவர் வாயில் வந்துவிடுகிறது. ஃபிராய்ட் அந்தக் கலவைச் சொல்லைப் பிரித்து, அதே கருத்தை முழு வாக்கியமாக எழுதிப் பார்த்தார்: பணக்காரர் ஒருவர் எவ்வளவு முடியுமோ அவ்வளவு அன்பாக நடத்தினார், ஆனால் பணக்காரரின் தயவில் எப்போதும் ஒரு கசப்பு உண்டு. கருத்து அப்படியே இருக்கிறது, சிரிப்பு இல்லை. எனவே, சிரிப்பு கருத்தில் இல்லை, அது சுருங்கிக் கிடந்த வடிவத்தில் இருந்தது என்பது அவருடைய முடிவு. விளக்கம் என்பது சுருங்கியதை விரிப்பது. விரித்த உடனே, சுருங்கியிருந்ததால் கிடைத்த விசை போய்விடுகிறது.

மீம் என்ற வடிவத்தில் இந்தச் சுருக்கம் பல மடங்காகிறது. மீம் என்ற சொல்லை 1976-ஆம் ஆண்டில் உயிரியலாளர் ரிச்சர்டு டாக்கின்ஸ் உருவாக்கியபோது, அவர் மனத்தில் இருந்தது இணையப் படங்கள் அல்ல. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பார்த்துச் செய்தல் வழியாகப் பரவும் மெட்டு, வழக்கம், எண்ணம் போன்ற பண்பாட்டுக் கூறுகளுக்கு அவர் வைத்த பெயர் அது. பின்வருதல் அல்லது போலச் செய்தல் என்ற பொருளுடைய கிரேக்க வேரிலிருந்து அதை எடுத்தார். போலச் செய்தல் என்றாலே ஒவ்வொரு முறையும் ஏதேனும் சற்று மாறும். இணைய மீமில் அந்த மாற்றமே விளையாட்டாகிவிட்டது. முதல் மீம் ஒரு காட்சியைப் பற்றியது. இரண்டாவது மீம் முதல் மீமைப் பற்றியது. மூன்றாவது அந்த இரண்டையும் பார்த்துச் சலித்தவர்களைப் பற்றியது. இதைத்தான் மீம்களைப் பற்றிய மீம் என்கிறோம்.

காவிரிக் கடைமடையிலிருந்து ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். அரசலாறும் முடிகொண்டானாறும் பாயும் நன்னிலம் வட்டாரத்தில் பழைய மாணவர்கள் சிலர் ஒரு வாட்ஸ்ஆப் குழு வைத்திருப்பதாகக் கொள்வோம். குறுவைக்காக மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறப்பது வழக்கம். அணையில் போதிய நீர் இல்லாத ஆண்டுகளில் அந்தத் தேதி வெறுமனே கடந்துபோகும். அப்படியோர் ஆண்டில் குழுவில் ஒரு படம் வருகிறது. அண்ணாந்து பார்த்து நிற்கும் நேசமணியின்மேல் 'கடைமடை விவசாயி' என்று எழுதியிருக்கிறது. மேலிருந்து வரும் சுத்தியலின்மேல் 'நீர்மட்டம் போதவில்லை' என்று எழுதியிருக்கிறது. இது முதல் அடுக்கு. அடுத்த ஆண்டு ஜூன் மாதம், எழுத்து எதுவும் இல்லாமல் சுத்தியல் படம் மட்டும் வருகிறது. கீழே '12' என்ற எண். இது இரண்டாம் அடுக்கு. அதற்கடுத்த ஆண்டு தேதி நெருங்கியும் எவரும் படம் போடவில்லை. ஒருவர் இப்படிக் கேட்கிறார்: "என்ன, இந்த வருஷம் சுத்தியலுக்கும் முறைப்பாசனமா?"

இந்த மூன்றாவது வரியில் படமும் இல்லை, நேசமணியும் இல்லை, மேட்டூரும் இல்லை. ஆனால், குழுவில் உள்ளவர்கள் சிரிப்பார்கள். இதைச் சென்னையிலேயே பிறந்து வளர்ந்த ஓர் இளைஞருக்கு விளக்க வேண்டுமானால் என்னென்ன சொல்ல வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். அணை திறப்புக்கு ஒரு வழக்கமான தேதி உண்டு. கல்லணைக்கு வந்து கிளை ஆறுகளில் பிரிந்து வரும் நீர் கடைசி வயலை எட்டப் பல நாள் ஆகும். சில ஆண்டுகளில் எட்டுவதே இல்லை. நீர் குறைவாக இருந்தால் இந்த ஆற்றுக்கு இத்தனை நாள், அந்த ஆற்றுக்கு இத்தனை நாள் என்று முறை வைத்துத் திறப்பார்கள், அதுதான் முறைப்பாசனம். ஒரு திரைப்படத்தில் ஒருவர் தலையில் சுத்தியல் விழுந்தது. இரண்டாண்டுகளுக்கு முன்பு இந்தக் குழுவில் ஒரு படம் வந்தது. கடைசியாக, நீருக்காகக் காத்திருப்பதைப் போலவே அந்தப் படத்துக்காகவும் காத்திருக்கும் நிலை வந்துவிட்டது என்பதுதான் கேள்வியின் உட்பொருள். இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டபின் அந்த இளைஞர் தலையசைப்பார், பாசனத்தைப் பற்றிச் சிலவற்றைத் தெரிந்துகொண்டிருப்பார், சிரித்திருக்க மாட்டார்.

இதில் கவனிக்க வேண்டியது, அடுக்குகள் ஏற ஏறச் சொல்லப்படுவது குறைகிறது, தெரிந்திருக்க வேண்டியது கூடுகிறது என்பதே. முதல் படத்தைத் தமிழ்நாட்டில் எவரும் ஓரளவு புரிந்துகொள்வர். மூன்றாவது வரியைக் குழுவுக்கு வெளியே எவரும் புரிந்துகொள்ள முடியாது. ஆகவே, அந்தச் சிரிப்பில் நகைச்சுவையின் இன்பம் பாதி. 'நானும் அன்று அங்கே இருந்தேன்' என்ற உறவின் இன்பம் மீதி. விளக்கத்தால் முதல் பாதியைக்கூட ஓரளவு மீட்டுவிடலாம். இரண்டாவது பாதியை மீட்கவே முடியாது. அங்கே இல்லாதவரை இருந்தவராக்க எந்த விளக்கத்தாலும் இயலாது. மாறாக, விளக்கம் கேட்டவருக்கு அவர் வெளியாள் என்பதையே அது மீண்டும் ஒருமுறை நினைவூட்டுகிறது. விளக்கம் கேட்பவரும் சொல்பவரும் அந்த நேரத்தில் சற்றுச் சங்கடப்படுவது இதனால்தான்.

விளக்கம் சிரிப்பைப் போக்கும் என்பதை நன்கு அறிந்து, அதையே கருவியாகப் பயன்படுத்திய கதை ஒன்று இந்தக் கடலோர மண்ணிலேயே வழங்கிவருகிறது. காளமேகப் புலவர் நாகப்பட்டினத்தில் காத்தான் என்பவரின் சத்திரத்தில் பசியோடு காத்திருந்தாராம். சோறு வரத் தாமதமாயிற்று. பொழுது அத்தமிக்கும்போதுதான் இங்கே அரிசி வந்து சேரும். அதைக் குத்தி உலையில் இடுவதற்குள் ஊரே அடங்கிவிடும். ஓர் அகப்பைச் சோறு இலையில் விழுவதற்குள் விடிவெள்ளி எழுந்துவிடும் என்னும் பொருளில் ஒரு வெண்பா பாடிவிட்டார். அந்தப் பாட்டு ஊரில் பரவினால் சத்திரத்தின் பெயர் என்னவாகும்? காத்தான் வந்து வேண்டிக்கொள்ள, புலவர் பாட்டில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. பொருளை மட்டும் வேறாக விளக்கினார். பஞ்சத்தால் நாட்டில் உணவே மறைந்துபோகும் காலத்திலும் இந்தச் சத்திரத்துக்கு அரிசி வந்துகொண்டிருக்கும். இங்கே உலை வைத்தால் ஊராரின் பசி அடங்கும். இலையில் இடும் சோற்றின் வெண்மையைக் கண்டு வெள்ளியும் நாணி எழுந்துபோகும். வசை வாழ்த்தாகிவிட்டது.

இந்தக் கதையை நாம் புலவரின் சொல்வன்மைக்குச் சான்றாகவே சொல்லி வருகிறோம். ஆனால், சிரிப்பின் போக்கைக் கவனித்தால் வேறொன்றும் தெரியும். முதல் பொருளைக் கேட்டவர் சிரிக்கிறார். பசித்தவனின் எரிச்சல் மூன்றே கட்டங்களில் மாலையிலிருந்து விடியல் வரை நீண்டுவிடுவதை அவரே கணக்கிட்டுக்கொள்கிறார். இரண்டாவது பொருளைக் கேட்டவர் வியக்கிறார், சிரிப்பதில்லை. ஏனெனில், 'அடங்கும்' என்பதற்கு ஊரார் பசி அடங்கும் என்று பொருள்கொள்ள வேண்டுமென ஒருவர் எடுத்துச் சொன்னால்தான் அது விளங்குகிறது. கேட்பவர் தாமாகக் கட்டிய பாலம் முதலாவது. புலவர் கட்டிக் கொடுத்த பாலம் இரண்டாவது. காத்தானுக்கு வேண்டியதும் அதுதான். ஊரார் சிரிக்காமல் இருக்க வேண்டும். விளக்கம் அதைச் செய்துகொடுத்தது.

அப்படியானால், எந்த விளக்கமும் நகைச்சுவைக்குப் பகைதானா? இல்லை. எதை, எப்போது விளக்குகிறோம் என்பதில் இருக்கிறது வேறுபாடு. நன்னிலத்தை அடுத்த நல்லமாங்குடியில் 1930-ஆம் ஆண்டில் பிறந்த இயக்குநர் கே. பாலசந்தரின் 'தில்லு முல்லு' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1981-ஆம் ஆண்டில் வெளியான அந்தப் படத்தில், மீசை இல்லாதவர்களை நம்பாத முதலாளியாகத் தேங்காய் சீனிவாசன் வருகிறார். வேலைக்காகத் தன் இயல்பை மறைத்துக்கொண்டு, அய்யம்பேட்டை அறிவுடைநம்பி கலியபெருமாள் சந்திரன் என்ற நீண்ட பெயருடன் அவர் முன்னால் வந்து நிற்கிறார் ரஜினிகாந்த். பின்னர் மாட்டிக்கொள்ளும்போது, மீசையில்லாத இரட்டைச் சகோதரன் ஒருவன் இருப்பதாகப் பொய் சொல்லி, இரண்டு வேடத்தையும் தானே ஏற்கிறார். இந்த உண்மைகள் அனைத்தும் பார்வையாளருக்கு முன்கூட்டியே விரிவாகச் சொல்லப்பட்டுவிடுகின்றன. முதலாளியின் பிடிவாதம் என்ன, நாயகன் மறைப்பது என்ன, மீசை எப்படி வந்தது, எப்படிப் போயிற்று என்பதில் எந்தப் புதிரும் வைக்கப்படவில்லை.

ஆனால், முதலாளி கேள்வி கேட்க நாயகன் தடுமாறும் இடத்தில், இது ஏன் வேடிக்கை என்று எவரும் சொல்வதில்லை. அங்கே பாலத்தைக் கட்டும் வேலை பார்வையாளருக்கே விடப்பட்டிருக்கிறது. கரைகளைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் முன்னதாகச் சொல்லலாம். பாலத்தை மட்டும் கட்டிக்கொடுக்கக் கூடாது. நேசமணியை அறியாத நண்பருக்கு உதவ விரும்புகிறவர் செய்யத்தக்கதும் இதுவே. மீமைக் காட்டிவிட்டு விளக்கினால் அந்த மீம் போயிற்று. முதலில் அந்தப் படக் காட்சியை அவருக்குக் காட்டிவிட்டு, மீமைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இரண்டு நாள் கழித்துச் சுத்தியல் படம் ஒன்றை மட்டும் அனுப்பினால் அவரே சிரிப்பார். விளக்கப்பட்ட மீமுக்கு ஒருவர் சிரிப்பதில்லை. ஆனால், அந்த விளக்கத்தால் அடுத்த மீமுக்குச் சிரிக்கத் தகுதி பெறுகிறார்.

விளக்கமே நகைச்சுவையாவதும் உண்டு. 'கரகாட்டக்காரன்' படத்தின் வாழைப்பழக் காட்சியை எண்ணிப் பார்க்கலாம். இரண்டு பழம் வாங்கிவரச் சொன்னால் ஒரு பழத்துடன் வந்து நிற்கும் செந்தில், மீதிப் பழம் எங்கே என்ற கேள்விக்கு, அதுதான் இது என்று அதே பழத்தைக் காட்டி ஓயாமல் விளக்கம் சொல்கிறார். விளக்கத்தின் முகம் இருக்கிறது, விளக்கம் இல்லை. நேசமணியின் போலி மருத்துவ அறிக்கைகளும் இவ்வகையே. பொருளில்லாத ஒன்றை முகம் மாறாமல் கனமான மொழியில் விளக்கியதால்தான் அவை சிரிப்பை வளர்த்தன. ஊடகங்களின் உண்மையான விளக்கம் வந்ததும் அந்தச் சிரிப்பு தளர்ந்தது. ஓரிரு நாள்களில் நேசமணி நலம் பெற்றுவிட்டாரோ என்னவோ, அவரைப் பற்றிய பேச்சு அடங்கிவிட்டது.

இனி, இதில் உண்மையாகவே கவலைகொள்ள வேண்டிய பகுதிக்கு வருவோம். விளக்கம் சிரிப்பை வடித்துவிடுகிறது என்றால், வடித்தபின் அடியில் தங்குவது என்ன? அமெரிக்காவின் டிம் பக்லி வரைந்த 'கன்ட்ரோல் ஆல்ட் டெலிட்' என்ற இணையச் சித்திரத் தொடரில் 2008-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் தேதி நான்கு கட்டங்கள் கொண்ட ஒரு சித்திரம் வந்தது. கணினி விளையாட்டுகளைப் பற்றிய வேடிக்கைத் தொடர் அது. அன்று மட்டும், ஓர் இளைஞன் மருத்துவமனைக்கு ஓடிவந்து, வரவேற்பில் விசாரித்து, மருத்துவரிடம் பேசி, கடைசியில் கருச்சிதைவுற்றுப் படுக்கையில் கிடக்கும் தன் துணைவியைப் பார்க்கிறான். வேடிக்கைத் தொடரில் திடீரென்று வந்த இந்தச் சோகம் பொருந்தவில்லை என்று வாசகர்கள் அதைக் கேலி செய்யத் தொடங்கினர். கேலி கேலியைப் பெற்று, கடைசியில் அந்த நான்கு கட்டங்களில் உள்ளவர்கள் நிற்பதையும் படுத்திருப்பதையும் குறிக்கும் சில கோடுகளாக மட்டும் சுருங்கிவிட்டது:

```
| || || |_
```

இந்தக் கோடுகளைக் கண்டுபிடிப்பதே உலகெங்கும் பல ஆண்டுகள் விளையாட்டாக இருந்தது. கண்டுபிடித்துச் சிரித்தவர்களில் பலருக்கு முதல் சித்திரமே தெரியாது. ஆனால், இந்த மீமை ஒருவருக்கு முழுமையாக விளக்கத் தொடங்கினால், சொற்றொடரின் முடிவில் நாம் வந்து நிற்கும் இடம் ஒரு மருத்துவமனைப் படுக்கை. அடுக்கடுக்கான சிரிப்பின் அடியில் இருந்தது ஒரு குழந்தையின் இழப்பு. கேலி செய்தவர்களின் நோக்கம் அந்த இழப்பு அல்ல, சித்திரக்காரரின் பொருந்தாத நடைதான் என்பது உண்மையே. ஆயினும், எதன்மீது நின்று சிரிக்கிறோம் என்பதை அடுக்குகள் மறைத்துவிடும் என்பதும் உண்மையே.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், நகைக்கு நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். பிறரை இகழ்தல், குழந்தைத்தனம், அறியாமை, சொன்னதை அப்படியே நம்பும் தன்மை என்று இவற்றை எளிமையாகப் பொருள்கொள்ளலாம். நேசமணியைப் பற்றிய மீம்களை வடித்துப் பார்த்தால் அடியில் தங்குவது பெரும்பாலும் பேதைமையும் மடனும்தான். இல்லாத ஒரு மனிதருக்காக ஊரே கலங்குவதுபோல் நடித்த குழந்தைத்தனமும் உண்டு. எவருக்கும் அதில் காயமில்லை. வாழைப்பழக் காட்சியில் தங்குவதும் மடனே. ஆனால், நம் கைப்பேசிகளுக்கு நாள்தோறும் வந்து குவியும் மீம்களில் எத்தனையோ, வடித்துப் பார்த்தால் எள்ளலை மட்டுமே விட்டுச்செல்கின்றன. ஒருவரின் தோல் நிறம், உடல் பருமன், சாதி, பேச்சு வழக்கு, ஒரு பெண் மறுமணம் செய்துகொண்டது ஆகியவையே அங்கே கரைகளும் பாலமும். பழைய திரைப்படங்களின் நகைச்சுவைக் காட்சிகளிலிருந்து வார்ப்பெடுக்கும்போது, அந்தக் காட்சிகளில் இருந்த நிறக் கேலியும் உருவக் கேலியும் புதிய மீமுக்குள் சொல்லாமலேயே வந்துவிடுகின்றன. கேட்டால், வெறும் மீம்தானே, இதைப் போய் விளக்கிக்கொண்டிருப்பார்களா என்ற பதில் வரும்.

அங்கேதான் விளக்கத்துக்கு உண்மையான பயன் இருக்கிறது. சிரிப்பைப் போக்கும் அதன் தன்மை, நல்ல நகைச்சுவையில் குறை. நஞ்சுள்ள நகைச்சுவையில் அதுவே மருந்து. ஒரு குழுவில் அத்தகைய மீம் வந்தால் கோபப்பட வேண்டியதில்லை; அறிவுரை கூறவும் வேண்டியதில்லை. "எனக்குப் புரியவில்லை, இதில் சிரிப்பு எங்கே இருக்கிறது, கொஞ்சம் விளக்குங்களேன்" என்று அமைதியாகக் கேட்டால் போதும். அனுப்பியவர் அந்தப் பாலத்தைச் சொற்களால் கட்டியாக வேண்டும். 'அவள் கறுப்பாக இருக்கிறாள், அதனால்...' என்று தொடங்கும் வாக்கியத்தை முடிக்க அவரால் முடியாது. சுருக்கமாக இருந்தபோது படம் சொன்னதை, விரித்து எழுதும்போது அவரே சொல்ல வேண்டியிருக்கிறது. நேசமணி மீமை விளக்கச் சொன்னால் எவரும் சலித்துக்கொள்வார், வெட்கப்பட மாட்டார். விளக்கும்போது சலிப்பு வருகிறதா, வெட்கம் வருகிறதா என்பதைக் கொண்டே மீமின் தரத்தை அறிந்துவிடலாம்.

இந்தக் கேள்விக்கும் ஓர் எல்லை உண்டு. ஒவ்வொரு மீமையும் இப்படிக் குறுக்கு விசாரணை செய்பவருடன் எவரும் எதையும் பகிர்ந்துகொள்ள மாட்டார்கள். அவர் இருக்கும் குழுவில் சுத்தியல் படம்கூட வராது. ஒரு தலைமுறை தனக்குள் பேசிச் சிரித்துக்கொள்வதைப் பெரியவர்கள் விளக்கச் சொல்லி வற்புறுத்துவதும் வேண்டாத வேலை. தங்களுக்கு மட்டும் புரிவதில்தான் அவர்களுடைய மகிழ்ச்சியே இருக்கிறது. புரியாததெல்லாம் தீயது அல்ல. காயப்படும் ஒருவர் அந்தப் படத்தின் மறுமுனையில் இருக்கிறார் என்று தோன்றும்போது மட்டும் கேட்க வேண்டிய கேள்வி அது.

வசையை வாழ்த்தாக மாற்றுவதற்குக் காளமேகத்தின் நாவன்மை வேண்டும். வசையை வசை என்று காட்டுவதற்கு அவ்வளவு திறமை தேவையில்லை. விளக்கச் சொல்லிவிட்டு, பதில் வரும்வரை காத்திருந்தால் போதும்.